ஒரே 84, மூன்று கணக்கு

பெப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளைக் கூட்டம் முடிந்து கதிரைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தங்கச்சி பொலித்தீன் பை ஒன்றோடு வந்து நின்றார். கொழுந்து எடுக்கும் தாய்க்கும் கவ்வாத்து வெட்டும் தகப்பனுக்கும் பிறந்த பிள்ளை. க.பொ.த. உயர்தரம் வரை படித்துவிட்டு நகரத்தில் பல கிளைகள் உள்ள ஒரு பெரிய கடையில் காசாளராக நான்கு வருடமாக வேலை செய்கிறார். அப்போது ஏழு மாதக் கர்ப்பம். மூன்றாவது பிள்ளை.

"சேர், எனக்கு எத்தனை நாள் லீவுன்னு கேட்டா ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க. பேப்பர்லயும் வேற வேற மாதிரி போட்டிருக்கு" என்றார்.

பையில் மூன்று பத்திரங்கள் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த 2019இல் கொடுத்த ஒஃபர் லெட்டர் ஒன்று. கம்பனியின் ஊழியர் கைந்நூல் ஒன்று. கடையின் பின்னறையில் ஒட்டியிருந்த லீவு சுற்றுநிருபத்தைக் கைபேசியில் படம் எடுத்து அச்சடித்த தாள் ஒன்று. முதல் இரண்டும் ஆங்கிலம், மூன்றாவது சிங்களம். தமிழில் ஒரு வரிகூட இல்லை. சுற்றுநிருபத்தை வாசிக்க, சிங்களம் நன்றாகத் தெரிந்த எங்கள் கமிட்டி உறுப்பினர் ஒருவரைக் கூப்பிட்டோம்.

இந்த மாதத் தலையங்கத்தை அந்த மூன்று தாள்களுக்கே ஒதுக்குகிறோம். காரணம், இன்று எந்த லயத்தை எடுத்தாலும் கடையிலோ காரியாலயத்திலோ வேலை செய்யும் பிள்ளை ஒன்றாவது இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் இருப்பது போல் தலைவர் இல்லை, மாதர் சங்கம் இல்லை. கையில் இருப்பது இந்தத் தாள்கள் மட்டும்தான்.

முதலில் ஒஃபர் லெட்டர். அதில் பிரசவ லீவு பற்றி ஒரே ஒரு வாக்கியம். முழுச் சம்பளத்துடன் 12 வாரம் என்றும், அது கம்பனியின் நடைமுறைகளுக்கு அமைவாக வழங்கப்படும் என்றும், அந்த நடைமுறைகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படலாம் என்றும் எழுதியிருந்தது. எத்தனையாவது பிள்ளை என்ற பேச்சே அதில் இல்லை.

அடுத்தது கைந்நூல். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 84 நாள், மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள் என்று அதில் இருந்தது. கடை முகாமையாளர் இந்தப் பக்கத்தைத்தான் விரித்துக் காட்டி, "உங்களுக்கு 42 நாள்" என்று சொல்லியிருக்கிறார்.

கடைசியாகச் சுற்றுநிருபம். 2021இல் தலைமைக் காரியாலயம் அனுப்பியது. எல்லாப் பிரசவங்களுக்கும் 84 நாள் என்றது. ஆனால் அந்த வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் மூன்று சொற்கள் இருந்தன: விடுமுறை நாட்கள் உட்பட.

ஆக ஒரே தாய்க்கு, ஒரே கம்பனி, ஒரே லீவுக்கு மூன்று பதில்கள். இதோடு இன்னொரு வேடிக்கையும் இருந்தது. கைந்நூலின் முன்பக்கத்தில், வேறு பத்திரங்களோடு முரண்பாடு வந்தால் கைந்நூலே செல்லும் என்று போட்டிருந்தார்கள். சுற்றுநிருபத்தின் அடியில், இதற்கு முன் வெளிவந்த அறிவுறுத்தல்கள் எல்லாம் இரத்து என்று போட்டிருந்தார்கள். ஒஃபர் லெட்டரோ கம்பனி நடைமுறையைப் பார் என்று கைகாட்டிவிட்டது. ஒன்று மற்றொன்றைக் காட்ட, நடுவில் நிற்கிற தொழிலாளி வட்டம் சுற்ற வேண்டியதுதான்.

இப்படி வரும்போது நமக்கு முதலில் தோன்றுவது, வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்பது. சில இடத்தில் அது உண்மை. ஆனால் இந்தக் கேஸில் நாங்கள் முதலில் செய்தது கைந்நூலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததுதான். மூலையில் சின்ன எழுத்தில் 2016 என்று இருந்தது. விஷயம் அங்கேயே பாதி விளங்கிவிட்டது.

நமது நாட்டில் கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டத்தில் நீண்ட காலமாக மூன்றாவது பிள்ளையிலிருந்து பிரசவ லீவு பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. 2018 ஜூன் மாதம் பாராளுமன்றம் அதைத் திருத்தியது. அன்றிலிருந்து உயிருடன் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும், அது முதலாவதானாலும் ஐந்தாவதானாலும், 84 நாள். கைந்நூல் அச்சானது அதற்கு இரண்டு வருடம் முன்னால். சட்டம் மாறிவிட்டது, புத்தகம் மாறவில்லை. அந்தப் பழைய புத்தகத்தைத்தான் 2019இல் சேர்ந்த தங்கச்சியின் கையில் கொடுத்திருக்கிறார்கள். முகாமையாளரும் அதையே பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, செத்துப்போன ஒரு விதியை வாசித்திருக்கிறார்.

ஆகவே 42 என்பது முதல் நாளிலேயே விழுந்தது. அதற்கு வாதாடத் தேவையில்லை. கைந்நூலே செல்லும் என்று கைந்நூல் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டாலும், சட்டம் கொடுத்ததற்குக் கீழே எந்தக் கம்பனிப் பத்திரமும் போக முடியாது. நீங்கள் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்திருந்தால்கூட முடியாது.

கஷ்டமான முரண்பாடு அடுத்ததில்தான் இருந்தது. கம்பனியின் மனிதவளப் பகுதியில் பேசியவர் சொன்னது இது: "ஒஃபர் லெட்டரில் 12 வாரம். 12ஐ ஏழால் பெருக்கினால் 84. சுற்றுநிருபத்திலும் 84. சட்டத்திலும் 84. மூன்றும் ஒன்றுதானே, எங்கே முரண்பாடு?"

கேட்கிறபோது சரி போலத்தான் இருக்கும். தங்கச்சியும் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். ஆனால் நம் தோட்டத்து ஆட்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. "இந்த மாதம் 20 நாள் மலைக்குப் போனேன்" என்று சொல்வதும், "செக்ரோலில் 20 பேர் விழுந்திருக்கிறது" என்று சொல்வதும் ஒன்றா? நாள் நீங்கள் போன கணக்கு. பேர் அவர்கள் போட்ட கணக்கு. நடுவில் ஒரு அரைப்பேர் வந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அதே மாதிரிதான் இதுவும். மூன்று இடத்திலும் 84 என்ற எண் இருக்கிறது. ஆனால் எதை ஒரு நாள் என்று எண்ணுகிறார்கள் என்பது மூன்றிலும் ஒன்றல்ல.

சட்டம் சொல்லும் 84 நாளில் வாராந்த விடுமுறை சேராது, போயா சேராது, சட்டபூர்வ விடுமுறை நாட்களும் சேராது. அவற்றை விலக்கிவிட்டுத்தான் 84 எண்ண வேண்டும். சுற்றுநிருபமோ அவற்றை உள்ளே போட்டு 84 எண்ணுகிறது. ஒஃபர் லெட்டர் வாரக் கணக்கில் சொல்வதால் அதுவும் தானாகவே ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிவிடுகிறது.

வித்தியாசம் எவ்வளவு என்று வகுப்பறைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம். கடை ஊழியர் ஒருவருக்கு வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை உரியது. ஆக வேலை நாள் ஐந்தரை. 12 வாரத்தில் வேலை நாட்கள் 66 மட்டுமே. சட்டம் கேட்கும் 84க்கு இன்னும் 18 நாள் குறைகிறது. அந்த 18 நாளையும் வாரத்துக்கு ஐந்தரை வீதம் கொடுத்தால் மேலும் மூன்று வாரமும் ஒன்றரை நாளும் வரும். அரை நாள் விடுமுறையைப் பற்றித் தகராறு வேண்டாம், வாரத்துக்கு ஒரு முழு நாளை மட்டும் விலக்குவோம் என்று வைத்துக்கொண்டாலும் 12 வாரத்தில் 72 நாள்தான் சேரும். 84 சேர 14 வாரம் வேண்டும். இதற்கு மேல் இடையில் வரும் போயாக்கள் தனி. 12 வாரத்துக்குள் எப்படியும் இரண்டு, மூன்று போயா வந்துவிடும்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்பதைத் தாய்மாருக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. தங்கச்சி பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னால் லீவில் நிற்கப் போகிறார் என்று வைத்துப் பார்த்தோம். கைந்நூலின்படி போனால் பிள்ளைக்கு நான்கு வாரம் ஆகும்போது திரும்பக் கடைக்குப் போக வேண்டும். சுற்றுநிருபத்தின்படி பத்து வாரம். சட்டப்படி குறைந்தது பன்னிரண்டு வாரம், அதற்கு மேல் போயா நாட்கள். அவர் வீட்டில் மாமியாரும் இன்னும் கொழுந்துக்குப் போகிறவர். காலையில் பஸ் ஏறி இரவில் வந்து சேருகிற தாயின் நான்கு வாரப் பிள்ளை யார் கையில் இருக்கும், என்ன பால் குடிக்கும் என்பதுதான் அந்த அடைப்புக்குறிக்குள் இருந்த மூன்று சொற்களின் விலை.

அடுத்து என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறோம்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டோம். ஒஃபர் லெட்டர், கைந்நூல், சுற்றுநிருபம், சட்டம். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டோம். எந்தத் திகதியில் எழுதப்பட்டது? யாருக்குப் பொருந்தும்? எத்தனை? அந்த எண்ணிக்கை நாளா, வாரமா, விடுமுறை சேர்ந்ததா, சேராததா? என்ன நிபந்தனை? பதிலை எங்கள் சொல்லில் எழுதவில்லை. பத்திரத்தில் இருந்த வாக்கியத்தை அப்படியே, பக்க இலக்கத்தோடு எழுதினோம். சுருக்கி எழுதினால் தப்பு வரும். 84 என்று மட்டும் குறித்திருந்தால் "விடுமுறை நாட்கள் உட்பட" என்பது எங்கள் கண்ணிலும் படாமல் போயிருக்கும்.

பிறகு தங்கச்சியின் பெயரிலேயே ஒரு கடிதம் போனது. அதில் கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. விஷயம் இவ்வளவுதான்:

"எனது பிரசவ லீவு தொடர்பாகக் கம்பனியின் மூன்று பத்திரங்களில் மூன்று விதமாக உள்ளது. அந்த வாக்கியங்களை இத்துடன் இணைத்துள்ளேன். 2018ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னர் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் வாராந்த விடுமுறை, போயா, சட்டபூர்வ விடுமுறை நாட்கள் நீங்கலாக 84 நாள் எனக்கு உரியது என விளங்கிக்கொள்கிறேன். எனது லீவு எந்தத் திகதியில் ஆரம்பித்து எந்தத் திகதியில் முடிவடையும் என்பதை எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "எத்தனை நாள்?" என்று கேட்டிருந்தால் "84 நாள்" என்று பதில் வந்திருக்கும். நாம் தொடங்கிய இடத்திலேயே நின்றிருப்போம். திரும்பி வேலைக்கு வர வேண்டிய திகதியைக் கேட்டால் அவர்கள் கலண்டரை எடுத்து எண்ணியே ஆக வேண்டும். எப்படி எண்ணினார்கள் என்பது திகதியிலேயே தெரிந்துவிடும்.

தெரிந்தும் விட்டது. முதல் பதிலில் 42 நாள் கைவிடப்பட்டிருந்தது. ஆனால் கொடுத்த திகதி சரியாக 12 வாரத்தில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளையும் போயாக்களையும் எண்ணியிருக்கிறார்கள். இரண்டாவது கடிதத்தோடு கலண்டர் தாளையே இணைத்து, எண்ணக்கூடாத நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்பினோம். அதன் பிரதி ஒன்றைத் தொழில் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்துக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தோம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் எழுதினால் எடுக்க மாட்டார்கள் என்று யாரும் பயப்படத் தேவையில்லை.

முடிவில் வாரத்துக்கு ஒரு முழு நாளும் போயா, சட்டபூர்வ விடுமுறை நாட்களும் விலக்கப்பட்டுப் புதிய திகதி வந்தது. அரை நாள் விடுமுறையை எப்படி எண்ணுவது என்பதில் கம்பனி இன்னும் இறங்கி வரவில்லை. அது தொழில் திணைக்களத்தின் மேசையில் இருக்கிறது. முழு வெற்றி என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் பிள்ளை நான்கு வாரத்தில் தாயைப் பிரியவில்லை.

இதிலிருந்து எல்லாருக்கும் ஒரே சூத்திரம் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். தோட்டத்தில் பதிவுள்ள நம் பெண்களுக்குக் கடைச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு இருப்பது 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். அதில் தகுதியும் காசு கணக்கிடும் முறையும் வேறு. ஆனால் மூன்றாவது பிள்ளைக்குப் பாதி என்ற பழைய விதி அதிலிருந்தும் 2018இலேயே நீக்கப்பட்டுவிட்டது. தோட்டக் காரியாலயத்தில் யாராவது இன்னும் அந்தப் பழைய கணக்கைச் சொன்னால், உடனே தலைவரிடம் சொல்லுங்கள். நகரத்துக் கடையில் 2016ஆம் ஆண்டுப் புத்தகம் இருந்தது போல் தோட்டக் காரியாலயத்திலும் பழைய தாள் இருக்கக்கூடும்.

இரண்டு, சட்டம் எப்போதும் தரைதான், கூரை அல்ல. ஒஃபர் லெட்டரில் சட்டத்தைவிடக் கூடுதலாக ஒன்று கொடுத்திருந்தால் அந்தக் கூடுதல் உங்களுடையது. அது நீங்களும் கம்பனியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். பிறகு சுவரில் ஒட்டுகிற ஒரு சுற்றுநிருபம் உங்கள் சம்மதம் இல்லாமல் அதைக் குறைத்தால் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். பேசாமல் இருந்தால் சம்மதித்ததாகப் பிறகு சொல்வார்கள். ஆனால் கூடுதல் சலுகை ஒஃபர் லெட்டரில் இல்லாமல் கைந்நூலில் மட்டும் இருந்தால் நம் பிடி அவ்வளவு உறுதியல்ல. உதாரணமாக, தனியார் துறையில் பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு லீவு கொடுக்க வேண்டும் என்று கடைச் சட்டத்தில் இல்லை. சில கம்பனிகள் கைந்நூலில் சில நாட்கள் கொடுக்கின்றன. அதை அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டால், சட்டத்தைக் காட்டிக் கேட்க இடமில்லை. பேரம் பேசித்தான் கேட்க வேண்டும். ஆகவே வேலைக்குச் சேரும்போது வாயால் சொல்கிற எந்தச் சலுகையையும் ஒஃபர் லெட்டரில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பிள்ளைகள் வழக்கமாகத் தவறுகிற இடங்களையும் சொல்லி முடிக்கிறோம். வேலை நிரந்தரமானதும் ஒஃபர் லெட்டரை எங்கேயோ போட்டுவிடுகிறார்கள். நிரந்தரக் கடிதத்தில் லீவு பற்றி ஒன்றும் இருக்காது, பழைய கடிதம்தான் சாட்சி. கைந்நூலை வாசித்து ஏற்றுக்கொண்டேன் என்ற துண்டில் கையெழுத்துப் போடுகிறார்கள், எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்ப்பதில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் பதிப்பு ஆண்டையும் அன்றைய திகதியையும் எழுதிவிட்டு, துண்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுநிருபம் சுவரில் இருக்கும்போது படம் எடுப்பதில்லை, பிரச்சினை வந்த பிறகு போய்ப் பார்த்தால் சுவரில் ஆணி மட்டும் இருக்கும். அந்தத் தங்கச்சி படம் எடுத்து வைத்திருந்தபடியால்தான் அடைப்புக்குறிக்குள் இருந்த சொற்கள் நம் கைக்கு வந்தன.

ஒவ்வொரு மாதமும் கிளைக் கூட்டம் முடிந்த பிறகு பாடசாலை மண்டபத்தில் ஒரு மணி நேரம் தாள்கள் பார்க்க நாங்கள் இருப்போம். நகரத்தில், கொழும்பில் வேலை செய்கிற உங்கள் பிள்ளைகள் தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ வரும்போது துணிப் பையோடு அந்த மூன்று தாள்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்த மொழியில் இருந்தாலும் பரவாயில்லை. சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம்.